மூன்றாம் வரியில் ஐம்பது குறைவு

1-4-2014 முதல் மாதம் 20,000
1-4-2015 முதல் மாதம் 21,000
1-4-2016 முதல் மாதம் 22,000
1-4-2017 முதல் மாதம் 23,000
1-4-2018 முதல் மாதம் 24,000
1-4-2019 முதல் மாதம் 25,000
1-4-2020 முதல் மாதம் 26,000
1-4-2021 முதல் மாதம் 27,000
1-4-2022 முதல் மாதம் 28,000

இந்த ஒன்பது வரிகளும் ஒரு கடையின் வாடகை ஒப்பந்தத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தவை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சரிக் குறி. குறி போட்டவர் கடைக்காரியின் கணவர். அந்தக் குறிகள் நேராகவும் ஒரே அளவிலும் இருந்தன. அப்போது அவருக்கு வலது கையில் ஐந்து விரல்களும் இருந்தன.

கடை சலவைக்கடை. தெருவில் எல்லோரும் அவளை ஆவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளேயிருந்து வெள்ளையாக நீராவி கிளம்பி, அதன் நடுவிலிருந்து அவள் வெளியே வருவாள். எதிர்க்கடைக்காரர் புதிதாக வருகிறவர்களிடம், "பயப்படாதீங்க, பகல்ல வர்ற ஆவி, பில் மட்டுந்தான் போடும்" என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

பத்தொன்பது வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். பிடித்தவர், உருப்படிகளை எண்ணிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா. ஆள் குறைந்த நாட்களில் அவரும் வந்து நிற்பார். இரண்டு வருடம் இருவரும் விரிப்பின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்தும் விலகிப் போயும் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டார்கள். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் யாரிடமும் பேசியதும் இல்லை.

இருபது வருடச் சேமிப்பைத் திரட்டி, கடன் வாங்கி, இந்த இடத்தை எடுத்தார்கள். இடத்துக்கு உரிமையாளர் ஒரு மரக்கடைப் பெரியவர். சலவைக்கடை என்பது மேசை நாற்காலி போட்டு நடத்துகிற கடை அல்ல. இரண்டு பெரிய இயந்திரங்களுக்குத் தரையில் கான்கிரீட் மேடை கட்டி போல்ட் போட வேண்டும். தண்ணீர் ஓடத் தரையை வெட்டிக் கால்வாய் எடுக்க வேண்டும். கொதிகலனின் புகைக்குழாய்க்குச் சுவரைத் துளைக்க வேண்டும். அத்தனையும் செய்தார்கள். கடைக்குள் போட்ட பணத்தில் பாதி, தரைக்குள் போனது. அதை அங்கிருந்து எடுத்துப் போக முடியாது.

அதனால்தான் ஒப்பந்தத்தில் அவள் மற்ற எதையும்விட இருபத்தோராம் பிரிவைக் கேட்டு வாங்கினாள். ஒன்பது வருடம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னதாக, அதாவது 30-9-2022க்குள், எழுத்தில் தெரிவித்தால் இன்னொரு ஒன்பது வருடத்துக்கு நீட்டிப்புக் கிடைக்கும். கடைசி ஆண்டு வாடகையோடு ஐந்து விழுக்காடு கூட்டி, அந்தத் தொகையையும் அறிவிப்பில் குறிப்பிட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அறிவிப்புக் கொடுக்கும் நாளில் வாடகைப் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது.

"பாக்கியா? நம்மகிட்டயா?" என்று கணவர் அப்போது சிரித்தார். வாடகை ஐந்தாம் தேதிக்குள் போக வேண்டும். அவர் எப்போதும் நான்காம் தேதியே கட்டிவிடுவார்.

ஐந்தாம் வருடம், விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளை அவருடைய வலது கையை உள்ளே இழுத்துக்கொண்டது. அவள்தான் விசையை அணைத்தாள். மூன்று விரல்கள் போயின. அதற்குப் பிறகு அவர் கல்லாவில் உட்கார்ந்தார். பில், ரசீது, வாடகை, மின்சாரக் கட்டணம் எல்லாம் அவர் பொறுப்பு. இடது கையால் எழுதப் பழகினார். கடைக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அதன் பின்பக்கம் 'வரவு' என்று போட்டு வந்த தேதியை எழுதிய பிறகுதான் படிப்பார். அவளுக்கு அது சில நேரம் எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டாள். இந்த ஒரு வேலைதான் அந்த மனிதருக்கு மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

எட்டாம் வருடம் மரக்கடைப் பெரியவர் இறந்துபோனார். இடம் மகளுக்கு வந்தது. அந்த அம்மாள் கடைக்கு ஒரே ஒரு முறைதான் வந்தாள். கூரையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், இயந்திரங்களின் பக்கம் திரும்பவே இல்லை. அவளோடு வந்தவர், பல ஊர்களில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் ஆள் என்று எதிர்க்கடைக்காரர் விசாரித்துச் சொன்னார். அவர்கள் இதே இடத்துக்கு மாதம் அறுபதாயிரம் தருவதாகப் பேச்சாம். அன்றிலிருந்து அவள் இருபத்தோராம் பிரிவை அடிக்கடி எடுத்துப் படித்துக்கொண்டாள்.

2022 ஜூலைக் கடைசியில் நீட்டிப்பு அறிவிப்பைக் கணவர் எழுதிக் கொடுத்தார். அதைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து தரச் சொல்லி, பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதும் பெண்ணிடம் அவள் எடுத்துப் போனாள். அந்தக் கணக்குக்காரி தன் சட்டைகளை அவள் கடையில்தான் வெளுக்கப் போடுவாள். ஒரு பொத்தான் உடைந்தாலும் மாடியிலிருந்தே சத்தம் போடுகிறவள்.

கணக்குக்காரி தட்டச்சை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, புது வாடகை இருபத்தொன்பதாயிரம்னு எழுதியிருக்கு. இருபத்தெட்டாயிரத்துக்கு அஞ்சு பர்சென்ட் ஆயிரத்து நானூறு வருமே? ஆயிரந்தான் கூட்டியிருக்காரு."

"வருஷா வருஷம் ஆயிரந்தானே ஏறுது?" என்றாள் அவள்.

"யாரு சொன்னா?"

"அட்டவணையில இருக்கே."

கணக்குக்காரி ஒப்பந்தத்தை வாங்கி அட்டவணையைப் பார்த்தாள். பிறகு முன்னால் திருப்பி நான்காம் பிரிவைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். 'ஒவ்வோர் ஆண்டும், அதற்கு முந்தைய ஆண்டுக்குரிய வாடகையின் மீது ஐந்து விழுக்காடு கூட்டி, பின்னம் தள்ளி' என்று இருந்தது. அட்டவணை போட்டவரோ முதல் வருட வாடகையான இருபதாயிரத்துக்கு மட்டும் ஐந்து விழுக்காடு கண்டு, அந்த ஆயிரத்தையே வரிக்கு வரி கூட்டிக்கொண்டு போயிருந்தார். பத்திர எழுத்தரின் அலுவலகத்தில் வேறொரு ஒப்பந்தத்தின் அட்டவணையை எடுத்து இதில் ஒட்டியிருக்க வேண்டும்.

"ரெண்டாவது வருஷம் வரைக்கும் எந்தக் கணக்குப் போட்டாலும் இருபத்தொண்ணாயிரந்தான் வரும்க்கா. அதனாலதான் யாரு கண்லயும் படல. மூணாவதுலதான் பிரியுது. இருபத்தொண்ணாயிரத்துக்கு அஞ்சு பர்சென்ட் ஆயிரத்து அம்பது. இருபத்திரண்டாயிரத்து அம்பது கட்டியிருக்கணும். நீங்க அம்பது கொறச்சுக் கட்டியிருக்கீங்க."

"அம்பதுதானே?"

"அந்த வருஷம் அம்பது."

ஒரு தாளில் கணக்குக்காரி வரிசையாக எழுதிக் காட்டினாள். நான்காம் வருடம் 23,152. பிறகு 24,309, 25,524, 26,800, 28,140. நடக்கும் ஒன்பதாம் வருடம் 29,547. வித்தியாசம் மாதம் ஐம்பதில் தொடங்கி ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழில் வந்து நின்றது. எட்டாம் வருடம் முடிய 35,700. நடப்பு வருடத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 6,188. ஆக மொத்தம் 41,888.

பெரியவர் ஒவ்வொரு மாதமும் ரசீது கொடுத்திருக்கிறாரே என்று அவள் கேட்டாள். கணக்குக்காரி இரண்டு இடங்களில் விரல் வைத்தாள். அட்டவணை வசதிக்காகச் சேர்க்கப்பட்டது, முரண்பட்டால் நான்காம் பிரிவே செல்லும் என்று பதினேழாம் பிரிவு. குறைந்த தொகையை வாங்கிக்கொண்டதால் மீதியைக் கேட்கும் உரிமை போகாது என்று பத்தொன்பதாம் பிரிவு. இரண்டையும் அவர்கள் கையெழுத்துப் போட்ட அன்று படித்துத்தான் இருந்தார்கள்.

"அப்ப நாங்க பாக்கிக்காரங்களா?"

"காகிதப்படி ஆமா. அவங்க இன்னும் கவனிக்கல. மொதல்ல இதைக் கட்டுங்க, கையோட ரசீது வாங்குங்க. அதுக்கு அப்புறம் அறிவிப்பைக் குடுங்க. ஒரே நாள்ல குடுத்தாக்கூடப் போதும், பணம் முந்திக்கணும். இந்த வரிசை மட்டும் மாறக் கூடாதுக்கா."

படி இறங்கும்போது அவளுக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. ஒன்றரை மாத வாடகை. வங்கி வைப்பிலிருந்து எடுத்தால் முடிந்தது. செப்டம்பர் வரை காலமும் இருக்கிறது. தப்பித்தோம் என்றே நினைத்தாள்.

கணவரிடம் சொன்னபோதுதான் விஷயம் அவ்வளவு லேசானது அல்ல என்று புரிந்தது. அவர் அந்தத் தாளைத் தொடவே இல்லை.

"நான் ஒவ்வொரு வரியா சரிபாத்தேன்" என்றார்.

"ஆயிரம் கூடுதான்னுதானே பாத்தீங்க. பிரிவோட சேத்துப் பாக்கலையே."

"ஆஸ்பத்திரியில இருபது வருஷம் என் கணக்குல ஒரு தலையணை உறை கொறஞ்சதில்ல. மாடியில இருக்கறவ நேத்துப் பொறந்தவ. அவ சொல்லிட்டா நான் தப்பா?"

அவள் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டே பொத்தான் டப்பாவைத் திறந்து, உடைந்த பொத்தான்களை இடது கையால் பொறுக்கித் தனியே வைத்தார். அட்டவணையில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, பெரியவர் சாகும் வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காத பணத்தை யாராவது கொண்டுபோய்க் கொட்டுவார்களா என்பதுதான் அவர் வாதம். அவள் குரலை உயர்த்தவில்லை. கடை போய்விடுமென்று மட்டும் சொன்னாள். பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு, சோறு போடவா, விளக்கை அணைக்கவா என்ற அளவில் நின்றது. மூன்றாம் நாள் அவரே, "சரி, உன் இஷ்டம்" என்றார்.

ஆகஸ்ட் நான்காம் தேதி பழுப்பு உறையில் 41,888ஐ எண்ணி வைத்தாள். தனியாக ஆகஸ்ட் வாடகை 29,547. தட்டச்சு செய்த அறிவிப்பில் புதிய வாடகை 31,024 என்று இருந்தது. அன்று ஆஸ்பத்திரி உருப்படிகள் வந்து குவிந்திருந்தன. கொதிகலனைச் சோதிக்கும் ஆளும் வருவதாக இருந்தது. ஆனாலும் கடையைப் பூட்டிவிட்டுத் தானே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் வேறு. குறி போட்ட மனிதரே போய்ச் சரிசெய்துவிட்டு வந்தால் அவருக்கு மனம் ஆறும் என்று நினைத்தாள். கணக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டதாக ஆகிவிடக் கூடாது.

"பணம் முதல்ல. ரசீது வாங்கினப்புறம் அறிவிப்பு" என்று வாசலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றார்.

மதியம் திரும்பி வந்தார். அறிவிப்பின் நகலில் மரக்கடை அலுவலக முத்திரையும் தேதியும் இருந்தன. பணத்துக்கு ரசீது எங்கே என்று கேட்டாள். ஆடிட்டர் பார்த்துவிட்டுத் தபாலில் அனுப்புவார்களாம் என்றார். எட்டு வருடமாக ரசீது வாங்குவதும் அடுக்குவதும் அவர் வேலை. அவரிடம் ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பழக்கமே இல்லை அவளுக்கு. நகலில் இருந்த முத்திரையைப் பார்த்தாள். அறிவிப்பில் எழுதியிருந்த தொகையைத் திரும்பப் படிக்கவில்லை. தலைக்கு மேல் விரிப்புகள் கிடந்தன, உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பரில் இரண்டு முறை ரசீது பற்றி நினைவுபடுத்தினாள். "வரும்" என்றார். அவர் முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அந்த மாதங்களில் அவர் சற்றுத் தெளிவாகவே இருந்தார். கல்லாவில் உட்கார்ந்து பழைய சினிமாப் பாட்டு முனகினார். கணக்குக்காரி ஒரு தடவை படியிறங்கி வந்து, "கட்டியாச்சாக்கா?" என்று கேட்டாள். கட்டியாச்சு என்றாள் அவள். செப்டம்பர் முப்பதும் கடந்தது. மரக்கடைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுத்திருந்தால் இதற்குள் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டாள். இயந்திரத்துக்குப் புது வார் வாங்கிப் போட்டாள். வாசல் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க விலை கேட்டாள்.

அக்டோபரில் பதிவுத் தபால் வந்தபோது அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே படித்தாள்.

கடிதம் மரக்கடை அம்மாளின் வக்கீலிடமிருந்து. 4-8-2022 அன்று கொடுக்கப்பட்ட அறிவிப்பில் புதிய வாடகை 29,000 என்று தவறாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. அன்றைய தேதியில் வாடகைப் பாக்கி 41,888 இருந்தது. ஆகவே இருபத்தோராம் பிரிவின் நிபந்தனை நிறைவேறவில்லை. புதிய அறிவிப்புக் கொடுக்கும் காலமும் 30-9-2022உடன் முடிந்துவிட்டது. 31-3-2023 அன்று இடத்தைக் காலி செய்து, தரையையும் சுவரையும் முன்பிருந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும். அக்டோபர் வரை சேர்ந்த பாக்கி 46,529ஐ உடனே செலுத்த வேண்டும்.

கூடவே ஒரு நகல் இணைத்திருந்தார்கள். அறிவிப்போடு அவர் தாமாகச் சேர்த்துக் கொடுத்திருந்த தாள். ஒன்பது வரி அட்டவணை, ஒன்பது சிவப்புக் குறிகள். நகலில் அவை கறுப்பாகத் தெரிந்தன. கீழே அவருடைய இடது கை எழுத்து, கோணலாக: 'முந்தைய ஆண்டு வாடகையின் மேல் கணக்கிட வேண்டும் என்று சிலர் கூறுகிறார்கள். அது தவறு. அட்டவணை முழுவதும் என்னால் சரிபார்க்கப்பட்டது.'

மரக்கடைக்காரர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கவே இல்லை. பார்க்கச் சொன்னது இந்தத் தாள்தான். பார்த்த பிறகு, கெடு முடியும் வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அவர் வந்தார். அவள் கையில் காகிதத்தைப் பார்த்ததும் வழக்கம்போல் பேனாவைத் தேடினார். அவள் காகிதத்தைக் கொடுக்கவில்லை. பாக்கித் தொகை இருந்த வரியை மட்டும் படித்துக் காட்டி, "அந்தக் கவர் எங்கங்க?" என்று கேட்டாள்.

அவர் கல்லாவின் கீழ் அறையைத் திறந்து பொத்தான் டப்பாவை நகர்த்தினார். அடியில் பழுப்பு உறை, ரப்பர் பட்டை போட்டபடியே இருந்தது. 31,024 என்று இருந்த அறிவிப்பும் அதோடு கிடந்தது; வேறிடத்தில் 29,000 என்று தட்டச்சு செய்து வாங்கியதைத்தான் அவர் கொடுத்திருந்தார். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் வாடகைக்கென்று அவள் கொடுத்ததில் 28,000ஐ மட்டும் கட்டிவிட்டு, மீதி 1,547ஐ ஒவ்வொரு தடவையும் அதே உறைக்குள் போட்டு, மேலே தேதியும் எழுதியிருந்தார்.

"ஒரு காசு நான் எடுக்கல. உன் பணத்தைக் காப்பாத்தித்தான் வெச்சேன்" என்றார். "பெரியவர் இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாரு."

அவள் மேசை மேல் கொட்டி எண்ணினாள். 46,529. கடிதம் கேட்ட தொகைக்கு ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. இந்தக் கூட்டலில் அவர் தவறவில்லை.

உள்ளே இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. தண்ணீர் கால்வாயில் இறங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கால்வாயை மூடி, மேடைகளை உடைத்து, சுவரில் குழாய்த் துளையை அடைத்துக் கொடுக்க எவ்வளவு ஆகும் என்று அவள் மனம் தானாகவே கூட்டத் தொடங்கியது. வேறு இடத்தில் இன்னொரு முறை தரையைத் தோண்டப் பணமும் இல்லை, வயதும் இல்லை. அவரைத் திட்ட வாயெடுத்தாள். அவருடைய வலது கை, மிச்சமிருந்த இரண்டு விரல்களால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மூணாவது வரிதானா?" என்று அவர் கேட்டார், மிகவும் மெதுவாக. "அம்பதா?"

"ஆமாங்க. அம்பது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டவணை நகலைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து, உதடு அசைய, போட்டுப் பார்த்தார். இரண்டாம் வரியைத் தாண்டினார். மூன்றாம் வரியில் பேனா நின்றது. அதன் பிறகு அவர் கீழே போகவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் இடது கையை நீட்டினார். அவள் கடிதத்தைக் கொடுத்தாள். அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்க மூலையில், எந்தக் காகிதத்துக்கும் எழுதுவதைப் போலவே எழுதினார்:

வரவு 14-10-2022